52 நிமிட லெக்சர், 5 அத்தியாயம்

நாளைக்கு இன்டர்னல். இன்னைக்கு ராத்திரி 52 நிமிட வீடியோ லெக்சரை சுருக்கணும். டிரான்ஸ்கிரிப்டை காப்பி பண்ணி, பத்து நிமிடத்துக்கு ஒரு தலைப்பு போட்டு, கடைசியில் வரும் ஃபார்முலாவை எழுதி மூடிவைப்போம், இல்லையா? பெர்னூலி லெக்சருக்கு நானும் அதைத்தான் செஞ்சேன். நோட்டில் இருந்தது ஒரே வரி:

```
p + ½ρv² + ρgz = constant
```

பரீட்சையில் வந்த குழாய்க்கு நடுவில் ஒரு பம்ப் இருந்தது. இந்த வரியை அப்படியே போட்டேன், எட்டு மார்க் போச்சு. திரும்பப் போய்ப் பார்த்தா, சார் அதை 41-வது நிமிடத்தில் தெளிவாவே சொல்லியிருக்கார்.

தப்பு எங்கேன்னா, கடிகாரத்தைப் பார்த்து வெட்டினதுதான். சார் விடை தேடும் கேள்வி எங்கே மாறுதோ, அங்கேதான் அத்தியாயம் மாறணும். முதல் வாசிப்பில் எதையும் சுருக்காதீங்க. நேரக் குறிப்போடு படிச்சு, கேள்வி மாறும் இடங்களை மட்டும் குறிங்க. அந்த லெக்சர் இப்படிப் பிரிஞ்சது:

```
00:00 இது எதற்கு?
06:20 எப்போது செல்லும்?
09:45 வருவித்தல்
27:10 வெஞ்சுரி மீட்டர் கணக்கு
40:50 பம்ப், உராய்வு இருந்தால்?
```

இரண்டாவது அத்தியாயம் மூணரை நிமிடம்கூட இல்லை. ஆனா பரீட்சைக்கு, 17 நிமிட வருவித்தலைவிட அதுதான் முக்கியம்.

அடுத்தது, ஒவ்வொன்றுக்கும் சாரம். "நிபந்தனைகள் விளக்கப்பட்டன" என்பது சாரம் இல்லை, அது வெறும் தலைப்பு. வீடியோவை மூடிவிட்டு அதை வைத்து ஒரு கணக்கு போட முடியணும். இரண்டாவதுக்கு நான் இப்போ எழுதியிருப்பது: "ஓட்டம் நேரத்தோடு மாறக்கூடாது, அடர்த்தி மாறக்கூடாது, பாகுநிலை இருக்கக்கூடாது, இரு புள்ளிகளும் ஒரே ஸ்ட்ரீம்லைனில் இருக்கணும், நடுவில் பம்ப் கூடாது." ஐந்தாவதுக்கு:

```
H1 + h_pump = H2 + h_loss
H = p/ρg + v²/2g + z
```

டிரான்ஸ்கிரிப்டை முழுசா நம்பவும் முடியாது. தானாக வரும் வசனத்தில் rho என்பது row ஆகிடும். அதைவிட மோசம், சார் போர்டைக் காட்டி "திஸ் பை திஸ்" என்பார். எது v1, எது v2 என்று எழுத்தில் இருக்காது. "திஸ்", "தட்" அடுக்கடுக்கா வரும் இடத்திலும், இரண்டு வரிக்கு நடுவே நேரம் திடீர்னு தாவும் இடத்திலும் வீடியோவை நிறுத்தி போர்டைப் பாருங்க. அவர் பேசாமல் எழுதிக்கிட்டிருப்பார். "சாரி" என்று தேடியும் பாருங்க. வருவித்தல் நடுவில் மைனஸை விட்டுட்டு, இரண்டு நிமிடம் கழிச்சுத் திருத்தினார். என் பழைய நோட்டில் திருத்துறதுக்கு முந்தின வரிதான் இருந்தது.

அத்தியாயங்களை உங்க சொந்த யூடியூப் வீடியோவின் விவரப் பகுதியில் போடுறதா இருந்தா, முதல் வரி 00:00 ஆக இருக்கணும். குறைந்தது மூணு அத்தியாயம், ஒவ்வொன்றும் பத்து விநாடிக்குக் குறையக்கூடாது.