இரு கைபேசிகளும் ஒரு பெயர்ப்பட்டியலும்

ஒருவர் இரண்டு கைபேசிகளை வைத்திருந்தால் நாளடைவில் அவரிடம் இரண்டு பெயர்ப்பட்டியல்கள் சேர்ந்துவிடுகின்றன. அவற்றை ஒன்றாக்கினால் பாதிப் பேர் இரட்டையாக வந்து நிற்கின்றனர். இரட்டைகளைக் களையப் புகுந்தாலோ, களையக் கூடாத பெயர்களும் உடன் போய்விடுகின்றன. எண் மட்டும் மிஞ்சி, அது யாருடையது என்பது மறைந்துபோனால் அந்தப் பட்டியலால் யாது பயன்? பெயர் ஒன்றுகூடப் போகாமல் இரட்டைகளை நீக்கும் முறையை ஓர் உண்மைப் பட்டியலைக் கொண்டே இங்குக் காண்போம்.

வண்டியூரில் கொத்தனார் வேலை பார்க்கும் என் பெரியப்பாவின் பட்டியல் அது. அவருடைய பழைய பொத்தான் கைபேசியில் 212 பதிவுகள். புதிய தொடுதிரைக் கைபேசியில் 168. ஆக மொத்தம் 380. பழையதில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் ‘Kambi Murugan’ என்பதுபோல் இருந்தன. புதியதில் அவர் மகள் தமிழில் ‘முருகன் மாமா’ என்று எழுதியிருந்தாள். பெரியப்பாவுக்கோ கம்பி முருகன், செங்கல் முருகன், சிலைமான் முருகன் என்று மூன்று முருகன்கள் உண்டு. விடியற்காலையில் கம்பி கட்ட ஆளை அழைக்கப் போய்ச் செங்கல் வந்து இறங்கினால் அன்றைய வேலை நின்றுவிடும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. இரு பதிவுகள் ஒன்றா, வேறா என்பதைப் பெயரைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. ‘Kambi Murugan’, ‘முருகன் மாமா’ ஆகிய இரண்டும் ஒருவரே. மூன்று முருகன்களோ மூவர். ஆகவே எண்ணைக் கொண்டுதான் பொருத்திப் பார்க்க வேண்டும். பெயரை அழியாமல் காக்க வேண்டும்.

ஆனால் எண்ணும் ஒரே வடிவில் இருப்பதில்லை. ஒரே கைபேசி எண் பத்து இலக்கமாகவும், முன்னால் 0 சேர்ந்தும், +91 சேர்ந்தும், 0091 சேர்ந்தும், நடுவே இடைவெளி விட்டும் பதிவாகியிருக்கும். முற்காலத்தில் வெளிவட்டாரக் கைபேசிக்கு 0 சேர்த்தே அழைக்க வேண்டியிருந்ததால் பழைய பட்டியல்களில் அந்த 0 இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைசிப் பத்து இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும் என்று பலரும் கூறுவர். அது முக்கால் பங்குதான் சரி. பெரியப்பாவின் பட்டியலில் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவரின் எண் இருந்தது. சிங்கப்பூரின் குறியீடு 65. உள்ளூர் எண் எட்டு இலக்கம். இரண்டும் சேர்ந்தால் பத்து! முன்னாலுள்ள + குறியை நீக்கிவிட்டால், 6-இல் தொடங்கும் நம் நாட்டுக் கைபேசி எண்ணைப் போலவே அது தோன்றும். அழைத்தால் முன்பின் அறியாத யாரோ எடுப்பார். எனவே விதியைச் சற்று இறுக்கிச் சொல்ல வேண்டும். +91, 0091 ஆகியவற்றையும், பதினோரு இலக்க எண்ணின் தொடக்கத்தில் நிற்கும் 0-வையும் மட்டும் நீக்குக. வேறு நாட்டுக் குறியீடு உள்ளவற்றைத் தொடாது விடுக. மதுரைத் தரைவழி எண்கள் சில 0452 இல்லாமல் ஏழு இலக்கமாக மட்டும் கிடக்கும். அவற்றுக்கு முன்னால் 452 சேர்த்தால்தான் இணை கிடைக்கும்.

இனிச் செயல்முறை. முதலில் இரு கைபேசிகளின் பட்டியலையும் தனித்தனி `.vcf` கோப்புகளாக எடுத்து, அவற்றைத் திருத்தாமல் கணினியில் வைத்துக்கொள்ள வேண்டும். பொத்தான் கைபேசியிலிருந்து பெயர்களைச் சிம் அட்டைக்கு நகலெடுத்துப் புதியதில் செருகுவதே பலரும் செய்வது. பெயர்கள் குறைபடுவது பெரும்பாலும் இங்கேதான். சிம் அட்டையில் ஒரு பெயருக்கு ஒதுக்கிய இடம் மிகச் சிறியது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மெய், புள்ளி, உயிர்க்குறி எனப் பிரிந்து இடம் கொள்ளும். ஓர் அட்டையில் பெயருக்கு 18 பைட்டுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பைட்டு அடையாளத்திற்குப் போக, குறிக்கு இரண்டு பைட்டாக எட்டுக் குறிகளே அடங்கும். ‘முத்துலட்சுமி’ என்பது ‘முத்துலட’ என்று நின்றுவிடும். அறுந்த பெயர் மீண்டும் வளராது. ஆகையால் சிம் வழியைத் தவிர்த்து, நினைவட்டை வழியாகவோ புளூடூத் வழியாகவோ கோப்பை அனுப்புவதே நன்று.

இரு கோப்புகளையும் ஒரே கூகுள் கணக்கில் ஏற்றி, எதையும் நீக்காமல் முழுப் பட்டியலையும் `.csv` கோப்பாக இறக்கி விரிதாளில் திறக்கலாம். திறக்கும்போதே எண் நிரலை ‘எழுத்து’ வகையாகக் குறித்துவிட வேண்டும். தவறினால் விரிதாள் அதைக் கணக்கெண்ணாகக் கொண்டு முன்னாலுள்ள + குறியையும் 0-வையும் விழுங்கிவிடும்; நீண்ட எண்களை `9.19E+11` என்று சுருக்கிக் காட்டும். அப்படியே சேமித்தால் வெவ்வேறு எண்கள் யாவும் ஒன்றுபோலாகி, எல்லாருமே இரட்டையாகத் தெரிவர்! பின்னர், சீர்செய்த எண்ணைத் தனி நிரலில் (D என்க) எழுதி, அருகில் பின்வரும் வாய்பாட்டை இட வேண்டும்.

```
=COUNTIF(D:D,D2)
```

விடை 2 என வரும் வரிகளே இரட்டைகள். பெரியப்பாவின் பட்டியலில் 89 எண்கள் இருமுறை வந்தன; வேறுவேறான எண்கள் 291.

அந்த 89-இல் 61 இணைகள் எழுத்து வேறுபாடு தவிர ஒரே பெயர். அவற்றில் சிக்கல் இல்லை. மற்ற 28 இணைகளில் பெயரே வேறு. இங்கு இயந்திரத்தை நம்பலாகாது. தானாக இணைக்கும் பொத்தானை அழுத்தினால் ஒரு பெயர்தான் மேலே நிற்கும். அது ‘முருகன் மாமா’ ஆனால் கம்பி என்னும் அடையாளம் போயிற்று. ஆகவே பெரியப்பாவைப் பக்கத்தில் அமர்த்தி ஒவ்வொன்றாகக் கேட்டேன். 22 இணைகள் ஒரே ஆளின் இரு பெயர்கள். இணைக்கும் முன்பே பெயர்க் கட்டத்தில் ‘முருகன் மாமா, கம்பி’ என்று இரண்டையும் எழுதிவிட்டோம். மீதி ஆறும் ஒரே கைபேசியை இருவர் பயன்படுத்தும் வீடுகள். “அது செல்வியோட நம்பருப்பா, சாயங்காலம் ஆனா பாண்டி எடுப்பான்” என்றார் பெரியப்பா. இரு பதிவாக விட்டால் அழைப்பு வரும்போது யார் பெயர் திரையில் தோன்றும் என்று உறுதியில்லை. ஒரே பதிவில் ‘செல்வி / பாண்டி’ என்று வைத்ததும் தீர்ந்தது. விரிதாளைத் தேடுவதற்கு மட்டுமே பயன்படுத்தினோம். திருத்தங்களைக் கணக்கிலேயே செய்தோம்.

முடிந்தபின் சரிபார்க்க இரு வழிகள் உண்டு. புதிய பட்டியலை மீண்டும் இறக்கி எண்ணினால் வேறுவேறான எண்கள் 291 இருக்க வேண்டும். குறைந்தால் யாரோ தவறி நீங்கியுள்ளனர். அதே 291 இருந்தும் வாய்பாடு 2 காட்டினால் ஓர் இரட்டை எஞ்சியுள்ளது. அடுத்து, பழைய கோப்பிலுள்ள ஒவ்வொரு பெயரும் புதிய பட்டியலில் எங்கேனும் உள்ளதா என்று தேட வேண்டும். எண் கணக்கு சரியாக வந்தும் எங்களுக்கு இரு பெயர்கள் இதில்தான் அகப்பட்டன. கணக்கில் ஒரு பதிவை நீக்கினால் அக்கணக்குடன் இணைந்த எல்லாக் கைபேசிகளிலும் அது நீங்கும். நீக்கியவை 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அதற்குள் மீட்கலாம். அதன் பின்னர் முதலில் எடுத்து வைத்த இரு `.vcf` கோப்புகளே கதி.