சார்ஜ் ஏறுகிறது, மேப் மட்டும் மறைகிறது

கார் ஆடியோ கடையில் வேலை பழக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

கேபிள் போட்டு ஓட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்ப்ளேயும் "விட்டு விட்டு வருது" என்ற புகாரோடு வண்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. வண்டிக்காரர் பெரும்பாலும் "செட் போயிடுச்சு" என்று தானே முடிவு கட்டிக்கொண்டு வருவார். செட்டைக் கழற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றை, பார்க்க வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசை முக்கியம். காசு செலவில்லாததும் கழற்றாமல் பார்க்கக்கூடியதும் முதலில் வரவேண்டும்.

1. ஸ்குரூ டிரைவரைத் தொடும் முன் கேளுங்கள். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது போகிறதா, போனைக் கையில் எடுக்கும்போதா, வெயிலில் நெடுநேரம் ஓடிய பிறகா? மேப் மறையும் அந்த நேரத்தில் போனில் சார்ஜ் குறி நிற்கிறதா, அதுவும் சேர்ந்து போகிறதா? குலுங்கும்போது போனால் எங்கோ தொடர்பு தளர்ந்திருக்கிறது. சூடான பிறகு போனால் அது வேறு கதை. வண்டிக்காரருக்கே பதில் தெரியாவிட்டால் அவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று போய் வாருங்கள். கடை வாசலில் நிற்கும் வண்டியில் இந்தக் கோளாறு பாதி நேரம் தலைகாட்டாது.

2. "சார்ஜ்தான் ஏறுதே, கேபிள் நல்லாத்தான் இருக்கு" என்பதை நம்பாதீர்கள். சாதாரண யூ.எஸ்.பி. கேபிளுக்குள் கரண்டுக்கு இரண்டு கம்பி, டேட்டாவுக்கு இரண்டு கம்பி. மேப்பும் பாட்டும் போவது அந்த டேட்டா ஜோடியில், நொடிக்கு 480 மெகாபிட் வேகத்தில். கண்ணிமைக்கும் நேரம் அது அறுந்தாலும் போனைப் பிடுங்கிவிட்டார்கள் என்றே செட் எடுத்துக்கொள்ளும். பிறகு முதலிலிருந்து தொடங்கும். போன் முதலில் வெறும் போனாகத் தெரியும், செட் அதை வேறு நிலைக்கு மாறச் சொல்லும், போன் ஒருமுறை துண்டித்துவிட்டுத் திரும்பி வரும், அதன் பிறகுதான் திரையில் மேப் வரும். நொடியில் ஒரு பங்கு அறுந்ததற்கு ஓட்டுபவர் பல நொடிகள் வழி தெரியாமல் போக வேண்டியிருக்கிறது. சார்ஜுக்கு அந்தக் கணக்கில்லை. கரண்டு கண நேரம் நின்று வந்தாலும் யாருக்கும் தெரியாது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். யூ.எஸ்.பி. பிளக்கில் கரண்டு பின்கள் டேட்டா பின்களைவிட நீளமாக இருக்கும். செருகும்போது கரண்டு முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். டைப்-சியிலும் இதே ஏற்பாடுதான். அதனால் பிளக் முக்கால்வாசி மட்டும் உள்ளே போயிருந்தால் சார்ஜ் ஏறும், டேட்டா மட்டும் ஊசலாடும். நம்மிடம் வரும் புகார் பெரும்பாலும் இதுதான். இரண்டு முனையும் டைப்-சி ஆன கேபிளில் மட்டும், டேட்டாவோடு சார்ஜும் சேர்ந்தே போவதைப் பார்க்கலாம். அங்கே கரண்டைத் திறந்துவிடுவதே நடுவிலிருக்கும் ஒரு சின்னப் பின்தான். அது விட்டால் எல்லாம் நின்றுவிடும்.

3. ஆகவே முதலில் போனின் துளையைப் பாருங்கள். பின்கவரைக் கழற்றிவிட்டுச் செருகிப் பாருங்கள். தடித்த கவரின் ஓரம் பிளக்கின் கழுத்தைத் தடுத்து நிறுத்துவது சாதாரணமாக நடக்கிறது. கவரைக் கழற்றியதுமே குணமான போன்கள் உண்டு. கவர் இல்லாமலும் பிளக்கின் கழுத்துக்கும் போனின் விளிம்புக்கும் இடையே இரும்பு பளபளவென்று தெரிகிறதா, கடைசியில் வரும் 'க்ளிக்' கேட்கவில்லையா, அப்படியானால் உள்ளே அடைப்பு. சட்டைப் பையிலும் பேன்ட் பையிலும் இருக்கும் நூல்தூசு துளைக்குள் போகிறது, ஒவ்வொரு முறை செருகும்போதும் பிளக் அதை அடியில் வைத்து அழுத்துகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் துளை காலியாகத்தான் தெரியும். அடியில் கம்பளித் துணி போல இறுகிக் கிடக்கும்.

எடுக்கும் முறை இது. போனை அணைத்துவிடுங்கள். டார்ச்சைத் துளைக்கு நேராகப் பிடியுங்கள். டைப்-சி துளையின் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும், பின்கள் எல்லாம் அதன் இரு பக்கமும் படிந்திருக்கும். நாக்குக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இடமில்லை, பல் குத்தும் குச்சி அப்படியே நுழையாது. பிளேடால் அதைத் தட்டையாகச் சீவிக்கொள்ளுங்கள். சீவிய முனையை வெளிச்சுவரை ஒட்டியே உள்ளே விட்டு, அடியைத் தொட்டதும் உங்கள் பக்கம் இழுங்கள். நாக்கை நெம்பக் கூடாது, குத்தக் கூடாது. மேலே, கீழே, இரண்டு மூலைகள் என்று பொறுமையாகச் சுற்றி வந்தால் தூசு திரளாக வெளியே வரும். ஐபோன் 14 வரையிலான லைட்னிங் துளையில் நாக்கு கிடையாது, பின்கள் ஒரு பக்கச் சுவரில் மட்டும் இருக்கும். பின் இல்லாத பக்கத்தை ஒட்டிச் சுரண்டுங்கள். 2023இல் வந்த ஐபோன் 15 முதல் அதுவும் டைப்-சிதான்.

4. செய்யக் கூடாதவை. ஊசி, ஸ்டேப்ளர் பின், சிம் பின் எதுவும் உள்ளே போகக் கூடாது. பின்னின் தங்கப் பூச்சைக் கீறிவிடும், பக்கத்துப் பின்னோடு ஷார்ட் ஆக்கிவிடும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரைக் கொண்டு ஊதுவதை நான் கடைகளில் பார்த்திருக்கிறேன், மனம் பதறுகிறது. அந்தக் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் வருகின்றன. நூல்தூசுக்குத் திரவம் எதுவும் தேவையில்லை. பின்னில் பச்சை படிந்திருந்தால் மட்டும், மெல்லிய பிரஷில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போனைப் போடுங்கள். பின் கருகியிருந்தாலோ நாக்கு ஆடினாலோ அது நம் வேலையில்லை. போன் ரிப்பேர் கடைக்கு அனுப்புங்கள். பல போன்களில் சார்ஜிங் போர்டு தனியாக இருப்பதால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

5. அடுத்தது கேபிள். ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். யூ.எஸ்.பி. விதிப்படி 5 மீட்டர் வரை போகலாம்தான். ஆனால் டேஷ்போர்டுக்குள் செட்டிலிருந்து சாக்கெட் வரை ஏற்கெனவே ஒரு கேபிள் ஓடுகிறது, நடுவில் கூடுதலாக ஓர் இணைப்பும் இருக்கிறது. வெளியே நீங்கள் சேர்க்கும் நீளம் அதற்கு மேல் ஏறும். எக்ஸ்டென்ஷனும் ஹப்பும் வேண்டவே வேண்டாம்.

நைலான் பின்னலைப் பார்த்து மயங்காதீர்கள், அது வெளியுறைக்குத்தான் பலம். சில கேபிள்களின் உறையில் பொடி எழுத்தில் கேஜ் அச்சிட்டிருப்பார்கள். 28 கேஜில் ஒரு ஜோடி, 24 கேஜில் இரண்டு கம்பி என்று பிரித்துப் போட்டிருந்தால் முதலாவது டேட்டா, இரண்டாவது கரண்டு. எண் குறையக் குறைய கம்பி தடிமன். இரண்டு கம்பி என்று மட்டும் இருந்தால் அது வெறும் சார்ஜ் கேபிளாக இருக்கும், மேப் ஒருநாளும் வராது. லைட்னிங் கேபிளானால் பெட்டியில் 'மேட் ஃபார் ஐபோன்' முத்திரை உண்டா என்று பாருங்கள்.

கேபிளைச் சோதிக்கக் கடையின் லேப்டாப் போதும். நன்றாக இருக்கும் என்று தெரிந்த ஒரு போனைக் கோத்து, போனில் ஃபைல் மாற்றும் முறையைத் தேர்ந்தெடுத்து, பெரிய வீடியோ ஒன்றை நகலெடுக்க விடுங்கள். அது ஓடும்போதே கேபிளின் இரு கழுத்துகளையும் நாலு பக்கமும் மெதுவாக வளையுங்கள். நகல் நின்றால் முடிவு தெரிந்துவிட்டது. லேப்டாப்பில் லினக்ஸ் இருந்தால் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம்:

```
sudo dmesg -w
```

வளைக்கும்போது இப்படி வரிகள் வந்தால் கேபிள் அறுந்து சேர்கிறது:

```
usb 1-2: USB disconnect, device number 7
usb 1-2: new high-speed USB device number 8 using xhci_hcd
```

இரண்டாவது வரியில் `high-speed` என்பதற்குப் பதில் `full-speed` என்று வந்தால், டேட்டா ஜோடி 480க்கு ஈடுகொடுக்க முடியாமல் 12 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது. அந்தக் கேபிளை வண்டிக்காரர் கையில் திரும்பக் கொடுக்காதீர்கள்.

6. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் தன் காரோடு வந்தார். வேகத்தடைதோறும் மேப் மறைகிறது. புதுப் புதுக் கேபிளாக வாங்கிப் போட்டும் தீரவில்லை. வேறு ஓரிடத்தில் செட்டையே மாற்றச் சொல்லிவிட்டார்கள். அவர் கேபிளில் கடைப் போனைக் கோத்து அதே தெருவைச் சுற்றி வந்தோம், மேப் அசையவில்லை. செட்டும் கேபிளும் அந்த நிமிடத்தில் சரி என்று ஆயிற்று. அவர் போனில் அதே கேபிளைச் செருகினால் கழுத்தருகே இடைவெளி. நாளெல்லாம் பஞ்சுத்தூசு பறக்கும் இடத்தில் சட்டைப் பையிலேயே கிடந்த போன். அடியிலிருந்து வந்த பஞ்சைப் பார்த்து அவரே அசந்துபோனார். சுத்தம் செய்ததும் 'க்ளிக்' என்று உட்கார்ந்தது, வேகத்தடையில் மேப் மறையாமல் நின்றது.

அதோடு அனுப்பியிருந்தால் மறுநாள் திரும்பி வந்திருப்பார். ஓட்டிப் பார்க்கும்போது கை வைக்கும் பெட்டியின் மூடியை அவர் மூடினார், மேப் உடனே போய்விட்டது. கேபிள் மூடியின் விளிம்பில் தினமும் நசுங்கி, உள்கம்பி அங்கே தளர்ந்திருந்தது. நாங்கள் கடைப் போனோடு சுற்றியபோது மூடி திறந்தே இருந்ததால் அது தெரியவில்லை. இரண்டு கோளாறு ஒன்றாக இருந்திருக்கிறது. கேபிளை மட்டும் மாற்றியபோதெல்லாம் பஞ்சு மிச்சமிருந்தது, அதனால்தான் புதுக் கேபிளையும் அவர் குறை சொன்னார். குட்டையான கேபிள் ஒன்று போட்டு, மூடியில் அதற்கென்றே இருக்கும் வெட்டு வழியாக எடுத்துவிட்டோம். ஆகவே நீங்கள் சுற்றிப் பார்க்கும்போது வண்டிக்காரர் வழக்கமாக வைக்கும் இடத்திலேயே போனை வையுங்கள், வழக்கமாக மூடுவதை மூடுங்கள்.

7. சூடானால் மட்டும் போகிறது என்றால் போனை டேஷ்போர்டு வெயிலிலிருந்து இறக்கி, ஏ.சி. காற்று படும் இடத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். அப்போது மேப் மறையாமல் இருந்தால் கேபிளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

8. போனும் கேபிளும் தேறிய பிறகே வண்டியின் பக்கம் வாருங்கள். பல வண்டிகளில் ஒன்றுக்கு மேல் சாக்கெட் இருக்கும், டேட்டா ஒன்றில்தான் வரும். மின்னல் குறியோ பேட்டரி குறியோ மட்டும் போட்டிருப்பது பெரும்பாலும் சார்ஜுக்கு. பழைய அகல சாக்கெட்டை 1,500 முறை செருகி எடுக்கத் தாங்கும் கணக்கில்தான் வகுத்திருக்கிறார்கள், டைப்-சிக்கு அது 10,000. தினமும் பல தடவை செருகும் டாக்சியில் அகல சாக்கெட் சில வருடங்களில் தளர்ந்துவிடும். பிளக்கை விரலால் மேலும் கீழும் அசைத்தால் தெரியும். சாக்கெட் மட்டும் தனியாகக் கிடைக்கும், அதை மாற்றுங்கள். அதன் பிறகும் தீராவிட்டால் செட்டை வெளியே இழுத்து, பின்னால் வரும் யூ.எஸ்.பி. கேபிளின் பிளக் முழுதாகப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெளியிலிருந்து வாங்கிப் பூட்டிய செட்டுகளில் அது பாதி கழன்று தொங்குவதைக் காணலாம். அழுத்திப் பூட்டி, குலுங்காதபடி பக்கத்து ஹார்னஸோடு துணி டேப் சுற்றிக் கட்டுங்கள். பேனலைப் பூட்டுவதற்கு முன்பே வண்டிக்காரரின் போனையும் கேபிளையும் போட்டு, அவர் சொன்ன அதே வேகத்தடைவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.