குறுந்தொகை 40ஆம் பாடலை ஆறு வயதுக் குழந்தைக்கு விளக்குதல்: உவமையின் வழி ஓர் அணுகுமுறை

முன்னுரை

செய்யுளைக் குழந்தைக்கு விளக்குவோர் பெரும்பாலும் பதவுரையில் தொடங்கிப் பொழிப்புரையில் முடிக்கின்றனர். பொழிப்புரையைக் கேட்டு முடித்த குழந்தைக்குப் பாடல் மீண்டும் தேவைப்படுவதில்லை. பாடலின் அழகு அங்கேயே நின்றுவிடுகிறது. குறுந்தொகையின் 40ஆம் பாடலைச் சான்றாகக் கொண்டு, பொருளும் அழகும் ஒருங்கே சென்றுசேரும் வழியை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாடலின் அமைப்பு

இப்பாடல் ஐந்தடிகளே உடையது. இருவருடைய தாயரும் தந்தையரும் எவ்வகையில் உறவினர், இருவரும் ஒருவரையொருவர் முன்பு எவ்வாறு அறிந்தனர் என மூன்று வினாக்கள் முதலில் வருகின்றன. அவற்றிற்கு நேரான விடை கூறப்படவில்லை. மாறாக, செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் உவமையாக வர, அன்புடைய நெஞ்சங்கள் கலந்தமை சொல்லப்படுகிறது. இவ்வுவமையே புலவருக்குச் செம்புலப்பெயல்நீரார் என்னும் பெயரையும் தந்தது.

யாய், ஞாய், எந்தை, நுந்தை ஆகிய சொற்கள் இன்று வழக்கில் இல்லை. எனினும் அவை குறிக்கும் உறவுகளே ஆறு வயதுக் குழந்தை நன்கறிந்தவை. ‘என் அம்மாவும் உன் அம்மாவும் என்ன உறவு?’ என்று ஒருமுறை கூறிவிட்டால், பழஞ்சொற்களை அவற்றின் ஓசையோடு குழந்தை ஏற்றுக்கொள்ளும். விளக்கம் தேவைப்படும் இடம் உவமையே.

உவமையில் நேரும் பிழை

‘இதில் யார் செம்மண், யார் தண்ணீர்?’ என்பது குழந்தை இயல்பாகக் கேட்கக்கூடிய வினா. ‘அவன் மழை, அவள் நிலம்’ என விடையளிப்பது எளிது. ஆனால் பாடல் அவ்வாறு பகுக்கவில்லை. தொல்காப்பியம் உவமத்திற்கு வினை, பயன், மெய், உரு என நான்கு வகைகளைக் கூறுகிறது. செம்மை என்னும் நிறத்தைக் கண்டு குழந்தை உருவைப் பற்றிக்கொள்கிறது. பாடலோ கலத்தலாகிய வினையை முதன்மையாகக் கொள்கிறது. எனவே விளக்குவோர் செய்ய வேண்டியது, குழந்தையின் கவனத்தை நிறத்திலிருந்து நிகழ்ச்சிக்குத் திருப்புவதாகும்.

இதற்குச் செய்து காட்டல் உதவும். ஆயினும் அதிலும் ஒரு பிழை நேர்வதுண்டு. கண்ணாடிக் குவளை நீரில் செம்மண்ணைக் கரைத்துக் காட்டினால், நீர் உடனே சிவக்கும். ஆனால் அசையாமல் வைத்தால் மணல் சில நிமிடங்களில் அடியில் படியும்; நுண்களியும் மெல்லப் படியப் படிய நீர் தெளியத் தொடங்கும். மறுநாள் குவளையைக் காணும் குழந்தை, ‘இரண்டும் பிரிந்துவிட்டனவே!’ என்று கேட்குமானால், உவமையே பொய்யாகிவிடும். பாடலில் மண் நீரில் இடப்படவில்லை. நீர் நிலத்தில் பெய்கிறது. ஆகவே அகன்ற தட்டில் உலர்ந்த செம்மண்ணைப் பரப்பி, அதன்மீது நீரைத் துளித்துளியாகத் தெளிப்பதே பாடலுக்குப் பொருந்தும்.

ஒரு மாதிரி உரையாடல்

தாய் ஒருத்தி தன் மகளுக்கு இவ்வாறு விளக்குவதாகக் கொள்ளலாம்.

‘இந்தத் தண்ணீரைத் திருப்பி எடுத்துக் கொடு, பார்க்கலாம்.’
‘முடியாதும்மா, மண்ணுக்குள்ளே போயிடுச்சு.’
‘மண் முன்னே மாதிரியே இருக்கா?’
‘இல்லை, மெத்துன்னு இருக்கு. வாசனையா இருக்கு.’

நீர் தன் நிறமின்மையை இழந்தது. மண் தன் வறட்சியை இழந்தது. இரண்டும் மாறின என்பதைக் குழந்தையே கண்டு கூறிவிட்டது. இதன்பின் தாய் பாடலை முழுமையாக ஒருமுறை சொல்வதே போதுமானது. அன்பு என்பதற்கு வரையறை கூறினால், குழந்தை கண்டறிந்தது தாயின் சொல்லுக்குள் அடங்கிவிடும்.

கூற்றும் வரம்பும்

தலைவன் தன்னைப் பிரிவானோ என அஞ்சிய தலைவிக்கு அவன் கூறியதாகப் பாடலின் கூற்றுக் குறிப்பு அமைகிறது. இக்களவுச் சூழலை ஆறு வயதில் விளக்க இயலாது. ஆயினும் அதற்காக இருவரையும் தோழியர் என்றோ உடன்பிறந்தார் என்றோ மாற்றுதல் தகாது. பின்னாளில் அதனைத் திருத்த நேரும். பாடலின் அடிகளில் தலைவன், தலைவி என்னும் சொற்கள் இல்லை. நானும் நீயும் என்னும் இருவரே உள்ளனர். ‘முன்பின் தெரியாத இருவர்’ என்று கூறினால் பாடல் கூறியதற்குக் குறையாமலும் மிகாமலும் அமையும். வளர்ந்தபின் குழந்தை கூற்றுக் குறிப்பைப் படிக்கும்போது இவ்விளக்கம் முரண்படாது.

முடிவுரை

இப்பாடல் மூன்று வினாக்களை எழுப்பி, ஒரு காட்சியை விடையாகத் தருகிறது. விளக்கமும் அதே வரிசையில் அமையும்போது, பாடல் தன் பொருளை உணர்த்தும் முறையையே குழந்தை பின்பற்றுகிறது. காட்சிக்கு முன் கருத்தைக் கூறும் விளக்கம் அவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது. அழகு குறைவது குழந்தையின் வயதால் அன்று, விளக்கத்தின் வரிசையால் என்பதே இவ்வாய்வின் முடிவாகும்.