மழை என்றால் அலறும் பிள்ளைக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்குப் பெரியம்மா எழுதுவது.

வானம் இருட்டினாலே தம்பி உன் சேலையைப் பிடித்துக்கொள்கிறான், விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு "தண்ணி வந்திடுச்சும்மா" என்று அலறி எழுகிறான் என்று எழுதியிருந்தாய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, இருட்டில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நீ மாடியேறினாய். அவன் சின்னப் பிள்ளை, மறந்திருப்பான் என்று எல்லோரும் நினைத்தோம். பிள்ளைகள் அப்படி மறப்பதில்லை.

அவன் எழும் நேரத்தை நீ குறித்து வைத்தது நல்ல காரியம். தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கத்திக்கொண்டு எழுந்து, கண் திறந்திருந்தும் உன்னை அடையாளம் தெரியாமல், காலையில் ஒன்றும் நினைவில்லாமல் இருந்தால் அது வேறு விஷயம். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து மூளை பாதி மட்டும் விழிப்பதால் வருவது அது. அப்படிப்பட்ட பிள்ளையை உலுக்கி எழுப்பக் கூடாது. விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டால் தானாக அடங்கும். தம்பிக்கு வருவது கெட்ட கனவு. கனவுத் தூக்கம் விடியலை நெருங்க நெருங்கத்தான் நீளும். அவன் முழுசாக விழிக்கிறான், உன்னைக் கட்டிக்கொள்கிறான், கண்டதைச் சொல்கிறான். சொல்ல முடிகிற கனவை மாற்றவும் முடியும்.

அந்த வேலை பகலில் நடக்க வேண்டும். பள்ளிவிட்டு வந்து பாலைக் குடித்து முடித்ததும் காகிதமும் கலர் பென்சிலும் கொடு. கட்டில் மிதக்கிறது, கதவு திறக்கவில்லை, அம்மாவைக் காணோம் என்கிறானே, அதை ஒரே ஒரு தடவை வரையட்டும். கை நடுங்கினால், முகம் வெளுத்தால், அன்றைக்கு நிறுத்திவிடு. வரைந்து முடித்தால், "இது இனிமே எப்படி மாறணும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. முடிவை நீ எடுத்துக் கொடுக்காதே. நீ சொன்ன முடிவு இரவில் அவனுக்கு உதவாது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் எதிர்வீட்டுச் சிறுமி, வீட்டுத் தரையில் ஒரு பெரிய மூடி இருப்பதாகவும், தான் அதைத் திறந்ததும் தண்ணீரெல்லாம் வடிந்துபோவதாகவும் வரைந்தாள். பெரியவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்காது. ஆனால் மூடியைத் திறந்தது அவள் கை, அதுதான் முக்கியம். தம்பியும் தனக்குப் பிடித்த முடிவை வரையட்டும். பிறகு தினமும் வெளிச்சம் இருக்கும்போதே கண்ணை மூடிக்கொண்டு, புதுக் கதையை மட்டும் உனக்குச் சொல்லிப் பார்க்கட்டும். பத்து நிமிடம் போதும். பழையதைத் திரும்பக் கிளற வேண்டாம். இரண்டு மூன்று வாரம் விடாமல் செய். முதலில் கனவு வரும், ஆனால் சீக்கிரம் அடங்குவான். பிறகு கனவு வரும் இரவுகளே குறையும்.

இரவில் அலறினால் நீ அவன் படுக்கைக்குப் போ. "கனவுடா, அம்மா இருக்கேன்" என்றால் போதும். என்ன கண்டாய் என்ற விசாரணை காலையில் ஆகட்டும். பெரிய விளக்கையும் போடாதே, டிவியையும் போடாதே. தூங்கப் போகும்போது சில நாள் அவன் பக்கத்தில் உட்கார், பிறகு நாற்காலியை அறை நடுவில் போடு, அப்புறம் வாசலில். ஒரு கட்டம் பழகிய பிறகுதான் அடுத்தது. "இன்னைக்குக் கனவு வராதில்ல?" என்று படுக்கும்போது மட்டும் கேட்காதே. அந்தக் கேள்வியே பயத்தைக் கூப்பிட்டு உட்கார வைக்கும்.

இன்னொன்று, இனிமேல் தண்ணீர் வராது என்று சத்தியம் செய்யாதே. ஐப்பசியும் கார்த்திகையும் வரும், நம் பக்கம் எப்படியென்று உனக்கே தெரியும். பொய் என்று ஒரு தடவை தெரிந்தால் உன் பேச்சை அவன் நம்பமாட்டான். அதற்குப் பதில் மாடிச் சாவி மாட்டியிருக்கும் ஆணியைக் காட்டு. டார்ச், பிஸ்கட், உடுப்பு வைத்த பையை அவனையே கட்டச் சொல். வெள்ளக் காட்சிகள் ஓடும் செய்திகளைச் சாயங்காலத்துக்கு மேல் நிறுத்து. உன் மாமியார் திருநீறு இட்டுவிடட்டும், அந்தக் கை பிள்ளைக்கு ஆறுதல். காத்து கருப்பு என்ற பேச்சு மட்டும் அவன் காதில் விழ வேண்டாம். சாப்பிட வைக்கப் பூச்சாண்டியைக் கூப்பிடுவதும் இன்றோடு போகட்டும்.

இதற்கும் எல்லை உண்டு. ஒரு மாதமாகியும் குறையாவிட்டாலோ, பகலிலும் மிரண்டாலோ, பள்ளிக்குப் போகமாட்டேன் என்றாலோ, விட்டுப்போன படுக்கை நனைப்பு திரும்பினாலோ மருத்துவரிடம் காட்டு. தினமும் குறட்டை விட்டு மூச்சுக்குத் திணறினால் மாதக்கணக்கில் காத்திருக்காதே. மூச்சு தடைபட்டுத் தூக்கம் கலைவதாலும் இரவு அலறல் வரும். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ். இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் கொடு. ஆம்பளைப் பிள்ளை பயப்படலாமா என்று அதட்டுவதை அவர் விட்டுவிட வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்.

அன்புடன்,
பெரியம்மா