தமிழில் வெறும் பெயரும் சுட்டுப்பொருளும்: ‘ஐ’ உருபின் பங்கு

சுட்டுச்சார்படை இல்லாத தமிழில் வெறும் பெயர் எவ்வாறு பொருள் வரையறை பெறுகிறது என்பதைச் செயப்படுபொருள் இடத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்த தாமலில் ஒருவர் பட்டுக்கடைக்கு வந்திருப்பதாகக் கொள்வோம். ‘அவர் சேலை தேடுகிறார்’ என்றால் எந்தச் சேலையும் பொருந்தும். ‘சேலையைத் தேடுகிறார்’ என்றால் கேட்போரும் முன்பே அறிந்த சேலை அது. இதனால் ‘ஐ’ உருபு அறிந்த பொருளையே குறிக்கும் எனக் கொள்ளத் தோன்றும்.

‘ஒரு சேலையைத் தேடுகிறார்’ என்னும் தொடர் அம்முடிவை மறுக்கிறது. இதன்பின் ‘அது மயில்கழுத்து நிறம்’ எனத் தொடரலாம்; சேலை குறிப்பிட்டது, ஆயினும் கேட்போர் அறியாதது. ‘சேலை தேடுகிறார்’ என்பதன்பின் அவ்வாறு தொடர்தல் பொருந்தாது. ஆகவே உருபு தருவது குறிப்பிட்ட தன்மையே. ‘ஒரு’ இன்றி உருபு மட்டும் வரும்போதே அறிந்த பொருள் பிறக்கிறது.

இவ்வேறுபாடு பெரும்பாலும் அஃறிணைக்கே உரியது. உயர்திணைப் பெயர் பொதுவாக உருபை விடாது. ‘நெசவாளரைத் தேடுகிறார்’ என்பது அறிந்த நெசவாளரையும் குறிக்கலாம், யாரேனும் ஒரு நெசவாளரையும் குறிக்கலாம். அங்குப் பொருளைத் தெளிவிப்பது சூழலே. எனவே உருபை மட்டும் கொண்டு வரையறையை அளக்கும் ஆய்வு, திணையை முதலில் பிரித்தல் வேண்டும்.