முதல் முறையே சொல்லிவிடுவோம்

ஓர் உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை ஒருவர் புதிதாகப் பணியில் சேர்கிறார். அங்கே பல ஆண்டுகளாக இருக்கும் மூத்த ஆசிரியர் முதல் வாரம் பாடக்குறிப்பு எழுத உதவுகிறார். அடுத்த வாரம் இரவு பத்து மணிக்கு, ‘சாப்பிட்டாச்சா?’ என்று செய்தி வருகிறது. பிறகு, ‘இன்றைய புடவை உங்களுக்கு எடுப்பாக இருந்தது’ என்கிறார். மாலையில், ‘வண்டியில் இறக்கிவிடுகிறேன்’ என்று வாசலில் நிற்கிறார்.

மூத்தவர் மனம் நோகக்கூடாது என்று ஆசிரியை சிரித்து மழுப்புகிறார். ‘அண்ணன் கூப்பிட வருவான் சார்’ என்று காரணம் சொல்கிறார். இங்கேதான் சிக்கல். காரணம் சொன்னால், அண்ணன் வராத நாளில் அவர் மீண்டும் வாசலில் நிற்பார். ஆகவே காரணம் வேண்டாம். நடந்ததைச் சொல்லி, வேண்டாம் என்று சொன்னால் போதும்:

“சார், என் உடையைப் பற்றிப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. இரவில் செய்தி அனுப்பாதீர்கள். பள்ளி வேலை இருந்தால் பள்ளி நேரத்தில் பேசுங்கள்.”

குரலை உயர்த்த வேண்டியதில்லை. சொல்லும்போது சிரிக்கவும் கூடாது. ‘தப்பா நினைக்காதீங்க’ என்று சேர்க்கவும் கூடாது. ‘நான் சாதாரணமாகத்தானே கேட்டேன்’ என்று அவர் சொன்னால் வாதம் செய்யாமல், “இருக்கலாம் சார். இனி வேண்டாம்” என்று முடித்துவிடலாம். அன்றிரவே அதை அவருக்குச் செய்தியாகவும் அனுப்பினால், மறுத்ததற்குச் சான்று கிடைக்கும்.

அதன் பிறகும் தொடர்ந்தால், தேதி, நேரம், இடம், சொன்ன சொல், உடனிருந்தவர் என ஒரு நோட்டில் அன்றன்றே எழுதுங்கள். கோபத்தில் செய்திகளை அழித்துவிட வேண்டாம். நம்பிக்கையான சக ஆசிரியர் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள்.

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், விரும்பத்தகாத பாலியல் தன்மையுள்ள சொல்லையும் செயலையும் துன்புறுத்தலாகவே கொள்கிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதற்கும் குறைவானவர்கள் உள்ள பள்ளி என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் செல்லலாம். கடைசி நிகழ்விலிருந்து மூன்று மாதத்திற்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். விசாரணைக் காலத்தில் இருவரில் ஒருவரை இடமாற்றவும், அவர் உங்கள் பணியை மதிப்பிடாமல் தடுக்கவும் குழு பரிந்துரைக்க முடியும். நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் புகார் தந்தவர் மீது நடவடிக்கை எடுக்க இயலாது.

முதலில் சிரித்து நகர்ந்துவிட்டவர்களுக்கும் இந்த உரிமை உண்டு. அன்று சிரித்தது சம்மதம் ஆகாது. இன்று சொல்லலாம்.

சக ஆசிரியர்களுக்கு ஒன்று: அவர் வந்து சொன்னால், ‘பெரியவர், விட்டுவிடும்மா’ என்று சொல்லாதீர்கள். அன்று மாலை அவருடன் பேருந்து நிறுத்தம் வரை நடந்து செல்லுங்கள்.