யார் வரலாம், எத்தனை மணிக்கு?

அன்புள்ள தம்பிக்கு,

பெரிய முதலியார்சாவடிப் பிள்ளைகளுக்கு நீயும் உன் சிநேகிதனும் நடத்தப்போகும் மாலை வகுப்பின் அறிவிப்பைப் படித்தேன். நீ எழுதியது இது: "கிராமப்புற மாணவ மாணவியரின் கல்வித்தரத்தை உயர்த்தும் நோக்கில், அனைத்துப் பாடங்களுக்கும் மாலை 5 முதல் 7 வரை இலவச வகுப்புகள் நடைபெற உள்ளன. தகுதியும் ஆர்வமும் உள்ள 3 முதல் 8 வரையிலான மாணவர்கள் பயன்பெறவும். இடங்கள் குறைவு. முந்துவோருக்கு முன்னுரிமை."

இதை மீன் விற்றுவிட்டு வீடு திரும்புகிற ஒரு அம்மா படிப்பதாக வைத்துக்கொள். அவருடைய மகன் ஆறாம் வகுப்பு, கணக்கில் பெயில் மார்க். "தகுதியுள்ள" என்ற இடத்திலேயே, இது நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு என்று முடிவுகட்டி நகர்ந்துவிடுவார். உனக்கோ முதலில் வரவேண்டியவன் அந்தப் பையன்தான். மார்க் பார்க்கப்போவதில்லை என்றால் அதை அப்படியே எழுது.

நம் கரையில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட அரசு கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டம், 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான் தொடங்கியது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை; மாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம்; ஒரு தன்னார்வலருக்கு ஏறக்குறைய இருபது பிள்ளைகள். என் பிள்ளை இதில் வருமா என்பது இதைக் கேட்ட யாருக்கும் உடனே தெரிந்துவிடும். அதில் ஒன்றைக் கவனி. தொடக்க வகுப்புகளுக்குச் சொல்லிக்கொடுக்க பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, ஆறு முதல் எட்டு வரைக்குப் பட்டப்படிப்பு என்று தன்னார்வலர்களுக்கும் ஒரு தகுதி வைத்திருந்தார்கள். நீயும் பின்னால் ஆசிரியர் தேடுவாய். அந்தத் தகுதியைப் பிள்ளைகளுக்கான அறிவிப்பிலேயே சேர்த்துவிடாதே, தனித்தாளில் போடு. ஒரே தாளில் இரண்டு தகுதி இருந்தால் எது யாருக்கு என்று தெரியாமல் இரண்டு தரப்பும் குழம்பும்.

அடுத்து, பாடம். "அனைத்துப் பாடங்கள்" என்று இரண்டே பேர் சொல்ல முடியாது. உனக்குக் கணக்கு வரும், அவனுக்குத் தமிழ் வரும். அறிவியலுக்கும் ஆங்கிலத்துக்கும் நம்பி வரும் பிள்ளைகள் சில வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு நின்றுவிடுவார்கள். கூடவே நாலு பேரையும் நிறுத்திவிடுவார்கள். இல்லாததை இல்லை என்று எழுதுவதும் அறிவிப்பின் வேலைதான். ஸ்போக்கன் இங்கிலீஷ் உண்டா, பத்தாம் வகுப்பு உண்டா என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்கும் இப்போதே பதில் போட்டுவிடு.

நேரத்தில்தான் நீ அதிகம் யோசிக்க வேண்டும். ஒரே அறிவிப்பில் "5 முதல் 7 வரை" என்றும் "3 முதல் 8 வரை" என்றும் வருகிறது. தாளில் பார்த்தால் ஒருவாறு புரியும். கோயில் மைக்கில் வாசித்தால் எது மணி, எது வகுப்பு என்று யாருக்கும் பிடிபடாது. மணியை எழுத்தில் எழுது, வகுப்பை ஒவ்வொன்றாகச் சொல். பள்ளி விட்டு, பஸ் பிடித்து, வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டு வர ஐந்து மணி போதாது, ஐந்தரை ஆக்கு. முடிகிற நேரம் இருட்டோடு சம்பந்தப்பட்டது. ஜூனில் சூரியன் மறைய ஆறரை தாண்டிவிடும். நவம்பர் கடைசியிலோ ஐந்தே முக்காலுக்கு முன்பே மறைந்துவிடும். கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் ஏழு மணிக்கு இருட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்ட வேண்டியிருந்தால், பெண் பிள்ளைகளைத்தான் முதலில் நிறுத்துவார்கள். சாலையைத் தாண்டிவிட நீங்கள் கூட வருவீர்கள் என்றால் அந்த ஒரு வரியையும் எழுதிவிடு. எந்தெந்தக் கிழமை என்றும் உன் அறிவிப்பில் இல்லை.

வகுப்பு என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மே மாதத்தில் "ஆறாம் வகுப்பு" என்றால் ஆறு முடித்தவனா, ஆறுக்குப் போகிறவனா? இரண்டு வீட்டில் இரண்டு விதமாக எடுத்துக்கொள்வார்கள்.

"முந்துவோருக்கு முன்னுரிமை" வேண்டாம். மரக்காணம் உப்பளத்துக்கு விடியுமுன்பே போய்விடும் அம்மாவும், ஆரோவில் பக்கம் வீட்டுவேலைக்குப் போகிற அம்மாவும் பகலில் வந்து பெயர் கொடுக்க முடியாது. முந்துவது எப்போதும் வீட்டில் ஆள் இருக்கிற குடும்பம்தான். ஞாயிற்றுக்கிழமை பெயர் எழுது. இருபதுக்கு மேல் வந்தால் எல்லோர் முன்னாலும் சீட்டுக் குலுக்கிப் போடு. விடுபட்டவர்களின் பெயரை வரிசையாக வைத்திருந்து, யாராவது நின்றால் கூப்பிடு.

"இலவசம்" என்று மட்டும் எழுதினால், பின்னால் நோட்டுக்கும் பரீட்சைத் தாளுக்கும் காசு கேட்பார்களோ என்ற சந்தேகம் போகாது. எதற்குக் காசு இல்லை என்று சொல்லிவிடு. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"மாலை வகுப்பு. பீஸ் இல்லை, எதற்கும் பணம் கேட்க மாட்டோம்.
வரும் ஜூனில் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு: தமிழ் வாசிப்பும் கணக்கும், திங்கள், புதன்.
ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு: கணக்கு மட்டும், தமிழ் வழியில், செவ்வாய், வியாழன்.
சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஆரம்பம், ஏழு மணிக்கு முடியும். இடம்: சமுதாயக் கூடம். முடிந்ததும் மெயின் ரோட்டைத் தாண்டிவிட நாங்கள் வருவோம்.
பெரிய முதலியார்சாவடி, சின்ன முதலியார்சாவடிப் பிள்ளைகள் வரலாம். எந்தப் பள்ளியானாலும் சரி. மார்க் பார்ப்பதில்லை.
ஒவ்வொரு பிரிவுக்கும் இருபது பேர். அதற்கு மேல் வந்தால் சீட்டுக் குலுக்கிச் சேர்ப்போம்.
பெயர் கொடுக்க: ஜூன் முதல் ஞாயிறு, காலை பத்து முதல் ஒன்று, சாயங்காலம் ஆறு முதல் எட்டு. வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்தால் போதும். ஆதார், மார்க் ஷீட் வேண்டாம்.
ஒன்பது, பத்தாம் வகுப்புக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷுக்கும் இந்த ஆண்டு வகுப்பு இல்லை."

உன்னுடையதைவிட நீளம்தான். ஆனால் இதில் எந்த வரியை எடுத்தாலும் ஒருவராவது உன் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்க வேண்டியிருக்கும். மைக்குக்கு மட்டும் வகுப்பு, பாடம், கிழமை, மணி, பெயர் கொடுக்கும் நாள் இவற்றை வைத்துக்கொள். இரண்டு முறை நிதானமாக வாசி.

ஒட்டுவதற்கு முன்னால், இதில் சம்பந்தமே இல்லாத ஒரு பாட்டியிடம் வாசித்துக் காட்டு. "புரிஞ்சுதா?" என்று கேட்காதே, புரிந்தது என்றுதான் சொல்வார். "உங்க பேரன் வரலாமா ஆயா? எந்தக் கிழமை அனுப்புவீங்க? என்ன கொண்டாரணும்?" என்று கேள். மூன்றாவது கேள்விக்கு அவர் தடுமாறுவார். ஏனென்றால் நோட்டும் பென்சிலும் நீ தருகிறாயா, அவர்கள் கொண்டுவர வேண்டுமா என்று நீ என்னிடம் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை. முடிவு செய்து அந்த வரியைச் சேர். பிறகு வேறொரு வீட்டில் கேட்டுப் பார்த்துவிட்டு அனுப்பு. சனிக்கிழமைக்குள் வந்தால் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா